5.6 சென்டிமீட்டர் சினைப்பை நீர்க்கட்டி: எட்டு மாதம் கவனித்த பிறகு ஏன் அறுவை சிகிச்சை?

மாலதிக்கு வயது 36. சிங்கப்பூரின் செங்காங்கில் வீடு, ஆறு வயதில் ஒரு மகன், இரண்டாவது குழந்தைக்கு யோசித்துக்கொண்டிருந்த நேரம். அலுவலகம் ஏற்பாடு செய்த சுகாதாரப் பரிசோதனையில் அடிவயிற்று ஸ்கேனும் சேர்ந்திருந்தது. வலது சினைப்பையில் 56 × 49 × 47 மில்லிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி என்று அறிக்கை வந்தது. அதே தொகுப்பில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிஏ-125 என்ற அளவு 41 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. 35க்குள் இருக்க வேண்டுமாம். மாதவிடாய் தவிர வேறு வலியோ தொந்தரவோ அவருக்கு இல்லை. பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு, கணவரோடும் மாமியாரோடும் எங்கள் மகளிர் நோய்ப் பிரிவுக்கு வந்தார். நான் அங்கே தாதி. பெயரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

அன்று மாமியார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மிஸி, இவ்வளவு பெருசா இருக்கே, ஏன் இன்னும் எடுக்காம வச்சிருக்காங்க?" அளவு கோழி முட்டைக்குக் கிட்டத்தட்ட வரும், பயம் நியாயமானதுதான். ஆனால் மருத்துவர் அறிக்கையைக் கையில் எடுத்ததும் அளவைக் கடைசியாகத்தான் பார்த்தார். முதலில் பார்த்தது கட்டியின் தோற்றம்.

ஸ்கேன் படத்தில் அது முழுக்கக் கறுப்பாக இருந்தது. கறுப்பு என்றால் உள்ளே வெறும் நீர். சுவர் மெல்லியதாக, வழுவழுப்பாக இருந்தது. உள்ளே தடுப்புச் சுவர் இல்லை, சுவரிலிருந்து சதை முளைத்துக்கொண்டு நிற்கவில்லை, டாப்ளர் வைத்துப் பார்த்தபோது கட்டிக்குள் ரத்த ஓட்டம் இல்லை, வயிற்றில் நீர் கோத்திருக்கவும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்தால்தான் மருத்துவர்கள் அதை 'எளிய நீர்க்கட்டி' என்று சொல்வார்கள். ஒன்று குறைந்தாலும் அந்தப் பெயர் போய்விடும். பழைய ரத்தம் தேங்கிய எண்டோமெட்ரியோசிஸ் கட்டி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். கொழுப்பும் முடியும் உள்ள டெர்மாய்ட் கட்டியில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அவற்றுக்கு வேறு கணக்கு. இன்னொன்று, இது பிசிஓஎஸ் இல்லை. அதில் சினைப்பை முழுக்க அரை சென்டிமீட்டர் அளவில் நிறைய முட்டைப் பைகள் இருக்கும். மாலதிக்கு இருந்தது ஒரே ஒரு பை.

மாதவிடாய் நிற்காத பெண்ணிடம் இப்படி முழு எளிமையாகத் தெரியும் கட்டி புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. எங்கள் அறிக்கையில் ஓ-ராட்ஸ் 2 என்ற ஆபத்துத் தரம் போட்டிருந்தது அதைத்தான் சொல்கிறது. ஸ்கேன் எடுப்பவர் இன்னொன்றும் செய்தார். கருவியை மெல்ல அழுத்தி, கட்டியும் சினைப்பையும் சேர்ந்து நகர்கின்றனவா, தனித்தனியாக வழுக்குகின்றனவா என்று பார்த்தார். கருக்குழாயின் பக்கத்தில் வளரும் கட்டிகளும் இதே போல எளிமையாகத் தெரியும். அவை தனியாக நகரும், மாதங்கள் போனாலும் கரையாது. மாலதியின் கட்டி சினைப்பையோடு ஒட்டியே நகர்ந்தது.

சரி, அப்படியானால் அந்த 41? மருத்துவர் முதலில் கேட்டது, ரத்தம் எடுத்தபோது மாதவிடாய் இருந்ததா என்று. இரண்டாம் நாள் என்றார் மாலதி. சிஏ-125 சினைப்பைப் புற்றுநோயில் ஏறும், உண்மை. ஆனால் மாதவிடாயிலும் ஏறும், கருப்பைத் தசைக்கட்டியிலும் எண்டோமெட்ரியோசிஸிலும் இடுப்புக்குழி தொற்றிலும் ஏறும். அதனால்தான் இந்த வயதில், ஸ்கேனில் எளிய கட்டி என்று தெளிவாகத் தெரிந்தால், அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் நோய் மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2011ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இங்குள்ள மகளிர் மருத்துவர்களில் பலர் அந்தக் காலேஜின் தேர்வை எழுதியவர்கள் என்பதால் அதன் கணக்கு அவர்களுக்குக் கைவந்த ஒன்று. சுகாதாரப் பரிசோதனைத் தொகுப்பில் இதை முப்பது வயதுப் பெண்களுக்கும் சேர்த்துவிடுகிறார்கள். தேவையில்லாத இரண்டு வாரத் தூக்கமின்மை அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மாதவிடாய் முடிந்து பத்து நாள் கழித்து எடுத்தபோது மாலதிக்கு 22 வந்தது.

அந்த வழிகாட்டியின் அளவுக் கணக்கு இது: மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 சென்டிமீட்டருக்குள் உள்ள எளிய கட்டி என்றால் பொதுவாகத் தொடர்ந்து கவனிக்கவே தேவையில்லை. 5 முதல் 7 வரை என்றால் ஆண்டுக்கு ஒரு முறை ஸ்கேன். 7ஐத் தாண்டினால் ஸ்கேன் மட்டும் போதாது, ஏனென்றால் அவ்வளவு பெரிய கட்டியின் எல்லாச் சுவரையும் ஸ்கேன் கருவியால் முழுமையாகப் பார்க்க முடியாமல் போகலாம். எம்ஆர்ஐ அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டும். இந்த எண்கள் சட்டம் இல்லை. கட்டியின் இயல்பையும் பெண்ணின் நிலையையும் பார்த்து மருத்துவர் கூட்டுவார், குறைப்பார்.

மாலதிக்கு ஓர் ஆண்டு காத்திருக்கச் சொல்லாமல், பத்து வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். காரணம் சினைப்பையின் வேலையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் ஒரு முட்டைப்பை நீர் நிறைந்து சுமார் 2 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியேற்றும். சில மாதங்களில் அது வெடிக்காமல் நீர் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் இந்த வயதில் பெரும்பாலான எளிய கட்டிகளின் பிறப்பு. அவை இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாகச் சுருங்கிவிடும். ஆகவே பத்து வாரம் என்பது வெறும் காத்திருப்பு இல்லை, அதுவே ஒரு பரிசோதனை. கரைந்தால் முட்டைப்பை. கரையாவிட்டால் வேறு ஏதோ.

அந்த ஸ்கேனுக்கு நாள் பார்க்க வேண்டும். மாதவிடாய் முடிந்த சில நாளுக்குள் எடுப்பதே நல்லது. சுழற்சியின் நடுவில் எடுத்தால் அந்த மாதத்துப் புது முட்டைப்பை தெரியும், அதற்கப்புறம் எடுத்தால் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் உடல் தெரியும்; பழைய கட்டிதான் இருக்கிறது என்று தவறாக எழுதிவிட வாய்ப்பு உண்டு. மாலதியின் தேதியை நான் அப்படித்தான் போட்டுக்கொடுத்தேன். அலுவலக விடுமுறைக்குத் தோதாகத் தேதியை மாற்றிக்கொள்பவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது எங்கள் வேலையில் பாதி.

இந்த இடைவெளியில் தஞ்சாவூரிலிருந்து மாலதியின் அம்மா தினமும் போன் செய்தார். மலைவேம்புச் சாறு குடித்தால் கட்டி கரையும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டே மாதத்தில் கரைந்தது என்றார். அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கரைந்திருக்கும், அதில் சந்தேகமில்லை. சாறு குடிக்காமல் இருந்திருந்தாலும் அதே இரண்டு மாதத்தில் கரைந்திருக்கும். இப்படித்தான் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கிறது. கருத்தடை மாத்திரை விஷயத்திலும் இதே கதை நடந்தது. கட்டியைக் கரைக்க மருத்துவர்களே ஒரு காலத்தில் அதை எழுதிக்கொடுத்தார்கள். பிறகு மாத்திரை எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இருவருக்கும் கட்டி ஒரே வேகத்தில்தான் கரைந்தது. புதுக் கட்டி வருவதை மாத்திரை குறைக்கலாம், இருப்பதைக் கரைக்காது. குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த மாலதிக்கு அது பொருந்தவும் இல்லை.

பத்து வாரம் கழித்து 55 மில்லிமீட்டர் வந்தது. மாலதியின் கணவர் "ஒரு மில்லி குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். மருத்துவர் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே கட்டியை இரண்டு பேர் அளந்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது சகஜம். அப்படியே இருக்கிறது என்பதுதான் அதன் அர்த்தம். ஆகவே இது முட்டைப்பைக் கட்டி இல்லை. பெரும்பாலும் சீரஸ் சிஸ்டடினோமா என்ற தீங்கற்ற கட்டியாக இருக்கலாம் என்றார். கருக்குழாயின் உள்ளுறையைப் போன்ற செல்கள் ஒரு பையாகி, தெளிந்த நீரைச் சுரந்துகொண்டே இருக்கும் கட்டி அது. தானாகப் போகாது, அவசரமாக எடுக்கவும் தேவையில்லை. தோற்றம் மாறவில்லை, தொந்தரவில்லை, 7 சென்டிமீட்டருக்குக் கீழே. முதல் ஸ்கேனிலிருந்து ஓர் ஆண்டு கழித்து வாருங்கள் என்று தேதி கொடுத்தோம்.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. கரையாது என்று தெரிந்த பிறகும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு மருத்துவர் சொன்ன பதிலை நான் தமிழில் சொன்னேன். கட்டியை உரித்து எடுக்கும்போது அதன் சுவரோடு ஒட்டியிருக்கும் நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் சேர்ந்து வரும். அந்தத் திசுவில்தான் இனி வரப்போகும் முட்டைகள் இருக்கின்றன. போனது திரும்ப வளராது. ரத்தக்கசிவை நிறுத்த மின்சூடு வைத்தால் இன்னும் கொஞ்சம் கருகும். மயக்க மருந்தின் ஆபத்தும், குடல் அல்லது சிறுநீர்ப்பையில் காயம் படும் சிறு வாய்ப்பும், பிறகு உள்ளே தழும்பு ஒட்டிக்கொள்ளும் சாத்தியமும் தனி. குழந்தை வேண்டும் என்று நினைக்கும் 36 வயதுப் பெண்ணுக்கு இது சின்ன விலை இல்லை. எடுத்தால் கிடைக்கும் பலன் அந்த விலையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

ஏழாம் மாதத்தில் அந்தத் தராசு சாய்ந்தது. பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்த மாலதி, அரிசி மூட்டையை நகர்த்தக் குனிந்து எழுந்தபோது வலது அடிவயிற்றில் திடீரென்று ஒரு வலி பிடித்தது. நிற்க முடியவில்லை, இரண்டு முறை வாந்தி. முக்கால் மணி நேரத்தில் யாரோ சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. வாயு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து, மகனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியபோது அதே வலி, அதே இடம், அதே வாந்தி, அதே போல நின்றது. மறுநாள் எங்களுக்கு போன் செய்தார். அவர் விவரித்த விதத்தைக் கேட்டதும் நான் மருத்துவரைத் தேடிப் போனேன்.

சினைப்பை இரண்டு நார்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு நார் இடுப்புச் சுவரை நோக்கி, ஒன்று கருப்பையை நோக்கி. கட்டியின் கனத்தால் சினைப்பை அந்த நார்களில் முறுக்கிக்கொள்ளலாம். 5 சென்டிமீட்டருக்கு மேல் வாய்ப்பு கூடும். இடது பக்கம் பெருங்குடலின் வளைவு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் முறுக்கு வலது பக்கமே அதிகம் வரும். முறுக்கினால் முதலில் மெல்லிய சுவருள்ள சிரைகள் அடைபடும், ரத்தம் உள்ளே போகும், வெளியே வராது, சினைப்பை வீங்கும். நீடித்தால் தமனியும் அடைபட்டுத் திசு சாகும். சில நேரம் முறுக்கு தானாக அவிழ்ந்துவிடும். வந்து வந்து நிற்கும் வலி, கூடவே வாந்தி என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த வாரமே எடுத்த ஸ்கேனில் கட்டி 61 மில்லிமீட்டர். தோற்றம் பழையபடி எளிமை. ஆனால் சினைப்பை வழக்கமான இடத்தில் இல்லாமல் கருப்பைக்கு முன்னால், நடுவே வந்திருந்தது, கொஞ்சம் வீங்கியும் இருந்தது. டாப்ளரில் ரத்த ஓட்டம் நன்றாகவே தெரிந்தது. "அப்போ முறுக்கு இல்லைதானே டாக்டர்?" என்று மாலதி கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சினைப்பைக்கு இரண்டு பக்கத்திலிருந்து ரத்தம் வருகிறது. பாதி முறுக்கியிருந்தாலும், முறுக்கி அவிழ்ந்திருந்தாலும் டாப்ளரில் ஓட்டம் தெரியும். ஓட்டம் இல்லாவிட்டால் முறுக்கு அநேகமாக உறுதி, ஓட்டம் இருந்தால் முறுக்கு இல்லை என்று ஆகாது. இந்த இடத்தில் ஸ்கேனைவிட நோயாளி சொல்லும் வலியின் கதைக்கே மதிப்பு அதிகம்.

அளவு இன்னும் 7க்குக் கீழேதான். புற்றுநோய்ச் சந்தேகமும் கூடவில்லை. ஆனாலும் அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டது, பத்து நாளில். அதுவரைக்கும் ஒரு கட்டளை: அந்த வலி மறுபடி வந்தால் எங்களுக்கு போன் பண்ணிக்கொண்டிருக்கக் கூடாது, பலதுறை மருந்தகத்துக்கும் போகக் கூடாது, நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். தனியாக இருந்தால் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸில் வர வேண்டும். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் எதுவும் சாப்பிடாமல் வர வேண்டும். நிற்காத முறுக்கில் சினைப்பையைக் காப்பாற்றுவது மணிக்கணக்கில்தான் இருக்கிறது.

கட்டி வெடிப்பதைப் பற்றியும் அவர் பயந்தார். வெடித்தால் சுருக்கென்று வலி வரும், பிறகு சில நாள் மந்தமாக இருந்து தணியும். எளிய கட்டியின் நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும், பெரும்பாலும் வலி மாத்திரை போதும். தலைசுற்றல், மயக்கம், தோள்பட்டை வரை வலி, வயிறு உப்பிக்கொண்டே போவது என்றால் உள்ளே ரத்தம் கசிகிறது, அது அவசரம்.

ஊசி போட்டு நீரை உறிஞ்சிவிட முடியாதா என்று கணவர் கேட்டார். முடியும், ஆனால் பை உள்ளேயே இருக்கும், அது மறுபடி நீரைச் சுரக்கும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குத் திரும்ப நிறைந்துவிடுகிறது. உறிஞ்சிய நீரில் செல்களைத் தேடிப் பார்ப்பதும் நம்பிக்கையான பரிசோதனை இல்லை. பையோடு எடுத்தால்தான் முழுச் சுவரையும் நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

துளை வழி அறுவை சிகிச்சை. தொப்புளில் ஒரு துளை, அடிவயிற்றில் மூன்று சிறு துளைகள். ஒப்புதல் படிவத்தில், தேவைப்பட்டால் வலது சினைப்பையையே எடுக்க நேரலாம் என்ற வரியில் மாலதி நெடுநேரம் நின்றார். மருத்துவர் அவசரப்படுத்தவில்லை. சினைப்பை செத்திருந்தாலோ ரத்தம் கட்டுப்படாவிட்டாலோ மட்டும் என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே கையால் எழுதிக் கொடுத்தார்.

உள்ளே பார்த்தபோது முறுக்கு இல்லை. ஆனால் சினைப்பையைக் கருப்பையோடு இணைக்கும் நார் நீண்டு தளர்ந்திருந்தது, சினைப்பை கொஞ்சம் வீங்கி, ஒரு பக்கம் கன்றிப்போன நிறத்தில் இருந்தது. முறுக்கி அவிழ்ந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி, நேரடிச் சாட்சி கிடைக்கவில்லை. கட்டியின் மேல் சினைப்பையை மெல்லக் கீறி, பையை முழுதாக உரித்து, வயிற்றுக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நீரை அதற்குள் உறிஞ்சிச் சுருக்கி, துளை வழியாக வெளியே எடுத்தார்கள். நீர் வெளிர் மஞ்சளாக, தெளிவாக இருந்தது. கசிந்த இடங்களை முடிந்தவரை சூடு வைக்காமல் தையல் போட்டு நிறுத்தினார்கள். மறுநாள் வீடு, இரண்டு வாரம் மருத்துவ விடுப்பு. செலவில் மெடிஷீல்டு லைஃப் என்ற அரசுக் காப்புறுதி போக மீதியின் பெரும்பகுதியை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டினார்கள். திசு அறிக்கை: தீங்கற்ற சீரஸ் சிஸ்டடினோமா. மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் வலது சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் தெரிந்தன. அந்த வலி பிறகு வரவில்லை.

கடைசி நாள் மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார், "எனக்கு அறுபத்து மூணு ஆகுது. எனக்கும் இப்படி இருந்தா?" நல்ல கேள்வி, ஏனென்றால் மாதவிடாய் நின்ற பிறகு கணக்கு மாறிவிடும். அந்த வயதில் முட்டைப்பை வளர்வதில்லை, ஆகவே கட்டி வந்தால் அதற்கு வேறு காரணம். அப்போது சிஏ-125 கட்டாயம் பார்ப்பார்கள். அது இயல்பாக இருந்து, கட்டி ஒரே அறையாக, ஒரு பக்கம் மட்டும், 5 சென்டிமீட்டருக்குள், எளிமையாக இருந்தால் அங்கேயும் உடனே கத்தி வைப்பதில்லை. நான்கு முதல் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேனும் ரத்தமும். ஓராண்டு வரை வளராமலோ சுருங்கியோ இருந்தால் கவனிப்பை நிறுத்திவிடலாம் என்று அதே காலேஜின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. தோற்றத்துக்கும் மாதவிடாய் நிலைக்கும் தரும் மதிப்பெண்களை சிஏ-125 அளவோடு பெருக்கி வரும் எண் 200ஐத் தொட்டால் புற்றுநோய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவார்கள்.

அப்படியென்றால் எனக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்றார். தொந்தரவு ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டார்: சில வாரமாக வயிறு உப்பியே இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிக்கடி சிறுநீர், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு. ஒன்றும் இல்லை. குடும்பத்தில் மார்பக, சினைப்பைப் புற்றுநோயும் இல்லை. அப்படியானால் வேண்டாம் என்றார். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட, மாதவிடாய் நின்ற பெண்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2021ல் வந்தது. ஆண்டுதோறும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ செய்துகொண்டவர்களிடையே சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. தீங்கற்ற கட்டிகளுக்காகத் தேவையில்லாமல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் இருந்தார்கள். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, ரத்தப்போக்கு என்றால் ஒரு சொட்டு பட்டாலும் வரணுமா என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார். ஆமாம் அம்மா, ஒரு சொட்டு என்றாலும் வர வேண்டும் என்றேன்.